முதல் வாரம் மூன்றரைக் கிலோ இறங்கியதும், பொங்கலுக்குப் பிறகு இரண்டரைக் கிலோ ஏறியதும்: வன்னி விவசாயி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிளிநொச்சிப் பக்கம் நெல் செய்யும் ஒருவர். வயது 47, உயரம் 170 சென்ரிமீற்றர், நிறை 91.6 கிலோ. சீனி வருத்தம் இல்லை, வெறுவயிற்றுச் சோதனை சாதாரணம். பிரஷர் மட்டும் சில வருடங்களாக இருக்கிறது. அதற்கு லொசார்ட்டனும், தண்ணீர் வெளியேற்றும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் தினமும் ஒவ்வொரு குளிசை. எங்கள் கிளினிக்குக்கு மாதாமாதம் வருபவர். நான் அங்கே தாதி. ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே எழுதவில்லை, அவருடைய சம்மதமும் உண்டு.

அவருடைய சாப்பாடு வன்னியில் வயல் வேலை செய்யும் எவருடையதும் போலத்தான். காலையில் புட்டோ இடியப்பமோ, மத்தியானம் குவித்த கோப்பை ஆட்டக்காரிச் சோறு, இரவு பாண் அல்லது மறுபடி சோறு, நடுவில் சீனி போட்ட தேத்தண்ணீர் நாலைந்து தரம். நாங்கள் கணக்குப் பார்த்தபோது ஒரு நாளில் 350 முதல் 400 கிராம் வரை மாச்சத்து வந்தது.

மருமகன் போனில் காட்டிய வீடியோ ஒன்றைப் பார்த்து சோறு, புட்டு, பாண், சீனி எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். காலையில் முட்டை, மத்தியானமும் இரவும் குளத்து மீன் அல்லது கோழி, கூடவே கீரையும் மரக்கறியும். மாச்சத்து நாளுக்கு 50 கிராமுக்குக் கீழே போயிருக்கும். எங்களிடம் கேட்கவில்லை. கிளினிக்கில் குளிசை எடுக்கிற ஒருவர் சாப்பாட்டை மாற்றும்போது அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று நினைப்பதில்லை. சாப்பாடு வீட்டு விஷயம், குளிசை ஆஸ்பத்திரி விஷயம் என்று இரண்டும் வேறு வேறாக நிற்கின்றன.

அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. வெளிநாட்டிலிருக்கும் தங்கை அனுப்பிய டிஜிட்டல் தராசில் தினமும் காலையில் மலசலம் கழித்த பிறகு, சாறத்துடன் மட்டும் ஏறி நின்று, வயல் செலவு எழுதும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நிறையைக் குறித்துவந்தார். இந்த ஆய்வு எழுத முடிந்ததே அந்தப் பக்கத்தால்தான்.

முதல் வாரம்: கண்டவை

கொப்பியில் இருந்தது இதுதான். தொடங்கிய திங்கட்கிழமை 91.6. புதன் 89.9. வெள்ளி 88.8. அடுத்த திங்கள் 88.2. ஏழு நாளில் 3.4 கிலோ, அதிலும் பாதி முதல் இரண்டு நாளில்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தது நிறையைச் சொல்வதற்கல்ல. வரம்பில் குந்தியிருந்து எழும்பியபோது கண் இருட்டி, பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்திருக்கிறார். தலையிடி இரண்டு நாளாக. இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. மூன்று நாளாக இரவில் மூன்று நான்கு தரம் சலம் கழிக்க எழும்ப வேண்டியிருக்கிறது, முன்பு ஒருதரம்தான். "கொழுப்பு கரைஞ்சு சலத்தோட போகுது மிஸ்" என்றார். வீடியோவில் அப்படித்தான் சொன்னார்களாம்.

படுத்த நிலையில் பிரஷர் 118/74. எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் 96/64. மேலே உள்ள எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் நின்றநிலைப் பிரஷர் வீழ்ச்சி என்று எடுக்கிறோம். இவருக்கு 22. வழக்கமாக அவருடைய பிரஷர் 138/86 அளவில் இருக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் 3.4, கீழ் எல்லைக்குச் சற்றுக் குறைவு. சோடியம் சரியாக இருந்தது.

என்ன நடந்துகொண்டிருந்தது

இறங்கிய 3.4 கிலோவில் கொழுப்பு எவ்வளவு? முட்டையும் மீனும் மரக்கறியுமாக அவர் சாப்பிட்டது நாளுக்கு ஏறத்தாழ 1500 கலோரி. அவருடைய உடலுக்கும் வேலைக்கும் 2500 தேவை. ஆயிரம் வீதம் ஏழு நாள், 7000 கலோரி குறைவு. உடற்கொழுப்பு ஒரு கிலோவில் ஏறத்தாழ 7700 கலோரி இருக்கிறது. ஆக, கொழுப்பு என்று சொல்லக்கூடியது ஒரு கிலோவுக்கும் குறைவு. மிச்சம் இரண்டரைக் கிலோவுக்கு வேறு கணக்கு வேண்டும்.

சோற்றிலிருந்து வரும் மாச்சத்தை உடல் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. ஈரலில் நூறு கிராம் அளவு, தசைகளில் நானூறு கிராம் அளவு. இது உலர்ந்த பொருளாக இருப்பதில்லை. ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மாச்சத்து வராவிட்டால் முதல் ஓரிரு நாளிலேயே ஈரலின் இருப்பு பெரும்பகுதி செலவாகும், தசையின் இருப்பும் வேலை செய்யச் செய்யக் குறையும். இவருக்கு 350 கிராம் குறைந்தது என்று வைத்தால், அதோடு ஒரு லீற்றர் தண்ணீரும் விடுபடும். இரண்டும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட.

அவருக்கு இதை விளங்கப்படுத்த நெல்லைத்தான் எடுத்தேன். ஈரநெல்லைக் கொண்டுபோனால் வாங்குபவர் ஈரப்பதம் அளந்து நிறையைக் கழிப்பார். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் 14 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. மூட்டை காய்ந்து நிறை இறங்கினால் அரிசி குறைந்ததாக எந்த விவசாயியும் நினைப்பதில்லை. அவர் உடனே பிடித்துக்கொண்டார்.

மிச்சம் ஒரு கிலோ உப்போடும் குடலோடும் சம்பந்தப்பட்டது. இதில் உப்புப் பகுதிதான் அவரைக் கண் இருட்ட வைத்தது, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மாச்சத்துச் சாப்பிடும்போது சுரக்கும் இன்சுலினுக்கு, சிறுநீரகத்தைச் சோடியத்தைப் பிடித்துவைக்கச் செய்யும் வேலையும் உண்டு. மாச்சத்து நின்றதும் இன்சுலின் தாழ்கிறது, சிறுநீரகம் சோடியத்தை விடத் தொடங்குகிறது. இரண்டாம் மூன்றாம் நாளில் கொழுப்பு எரிந்து உண்டாகும் கீற்றோன்கள் சலத்தோடு போகும்போது அவையும் சோடியத்தைக் கூட இழுத்துப்போகின்றன. உடல் திரவம் ஒரு லீற்றரில் ஏறத்தாழ ஒன்பது கிராம் உப்பு இருக்கிறது. அந்த அளவு உப்பு வெளியேறினால் அதைப் பிடித்து நின்ற லீற்றர் தண்ணீரும் போகும். இரவில் நாலு தரம் எழும்பியது இதற்குத்தான். கொழுப்பு கரைந்தால் அதன் பெரும்பகுதி கரியமில வாயுவாக மூச்சில் போகும், சலத்தில் அல்ல.

இத்தனைக்கும் மேலே அவர் தண்ணீர் வெளியேற்றும் குளிசையை விடாமல் எடுத்துவந்தார். சாப்பாடு ஒரு பக்கம் உப்பை வெளியே தள்ள, குளிசை மறுபக்கம் தள்ளியது. போதாக்குறைக்கு உப்பு அதிகம் வந்த பாண், கருவாட்டுச் சம்பல், கடைச் சிற்றுண்டி எல்லாம் ஒரேயடியாக நின்றிருந்தன. மாச்சத்தைக் குறைத்த எல்லாருக்கும் தலைச்சுற்று வருவதில்லை. இவருக்கு வந்ததன் காரணம் இந்தக் கூட்டுச் சேர்க்கை.

முதல் முடிவு

வைத்தியர் தண்ணீர்க் குளிசையை அன்றே நிறுத்தினார், லொசார்ட்டன் தொடர்ந்தது. பிரஷர்காரர் என்பதால் உப்பை அள்ளிப் போடச் சொல்லவில்லை. தலைச்சுற்று அடங்கும்வரை மட்டும், நாளுக்கு ஒரு கோப்பை உப்புப் போட்ட மீன் ரசம். லொசார்ட்டன் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது என்பதால் பொட்டாசியக் குளிசை கொடுக்கவில்லை. கீரையும் மரக்கறியும் போதும், இரண்டு கிழமையில் மறுபடி இரத்தம் பார்ப்போம் என்றார். சாப்பாட்டு முறையை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் அதை விரும்பினார், நிறைக்கும் பிரஷருக்கும் அது நன்மை தரக்கூடியது.

மூன்று நாளில் தலைச்சுற்று நின்றது. நின்றநிலை வீழ்ச்சி 8 ஆகக் குறைந்தது. இரண்டு கிழமையில் பொட்டாசியம் 4.1.

அன்று அவருக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தோம்: இந்த வேகம் நிற்கும். உப்பு குறையும்போது உடல் அல்டோஸ்டெரோன் என்ற ஹோர்மோனைக் கூட்டிச் சுரந்து, ஒரு கிழமைக்குள் உப்பிழப்பைக் கட்டுப்படுத்திவிடும். கிளைக்கோஜனும் குறைய வேண்டிய அளவு குறைந்திருக்கும். அப்புறம் தராசு காட்டுவது பெரும்பாலும் கொழுப்பின் கணக்கைத்தான். அப்படியே இரண்டாம் கிழமை முடிவில் 87.5, மூன்றாம் கிழமை முடிவில் 86.9. கிழமைக்கு 600, 700 கிராம். முதல் கிழமையோடு ஒப்பிட்டு அவர் முகம் வாடினாலும் விட்டுவிடவில்லை.

பொங்கல்

நாலாம் கிழமை வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல். குடும்பத்தோடு திங்கட்கிழமை போனார். அன்றைக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாடு பார்க்கச் சொல்ல எனக்கே மனம் வராது. புக்கை, வடை, மரக்கறிச் சோறு, பாயசம், வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தலில் சர்க்கரைத் தண்ணீரும் மோரும். திரும்பும் வழியில் முல்லைத்தீவில் உறவினர் வீட்டில் தங்கி செவ்வாயும் அதே மாதிரி. மிக்ஸரும் ஊறுகாயும் மோர்மிளகாயும் வேறு.

புதன் காலை 89.0. வியாழன் காலை 89.3. பொங்கலுக்கு முதல் நாளை விட 2.4 கிலோ கூட.

வியாழன் கிளினிக் நாள் இல்லை, ஆனாலும் வந்தார். "மூண்டு கிழமை பட்ட பாடு ரெண்டு நாளில போட்டுது மிஸ்." கையில் மோதிரம் இறுகியிருந்தது. இரண்டு கணுக்காலிலும் விரலால் அழுத்தினால் மெல்லிய குழி விழுந்தது. அவருடைய திட்டம் தயாராக இருந்தது: இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது, வீட்டில் மிச்சமிருக்கும் தண்ணீர்க் குளிசையை மறுபடி எடுப்பது. இரண்டாவதை ஏற்கெனவே தொடங்கிவிட்டாரா என்று கேட்டேன். இல்லை, நாளைக்குத்தான் என்றார். நல்லவேளை.

இரண்டாவது கணக்கு

2.4 கிலோ கொழுப்புச் சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேலே ஏறத்தாழ 18,500 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். கறிகளோடு ஒரு கோப்பைச் சோறு 700 கலோரி என்று வைத்தால், வழக்கமான சாப்பாடு முழுவதையும் சாப்பிட்டு, அதற்கு மேலே இன்னும் இருபத்தாறு கோப்பை. இரண்டு நாளில். அவர் சிரித்துவிட்டார். அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டு நாளிலும் சேர்த்து மேலதிகம் 2000 கலோரிக்குள்தான். அதில் பெரும்பகுதியும் வெறுமையாக இருந்த கிளைக்கோஜன் இருப்பை நிரப்பவே போயிருக்கும். உண்மையில் சேர்ந்த கொழுப்பு இருந்தால் அது நூறு கிராம் அளவுதான்.

மற்றதெல்லாம் முதல் வாரத்தில் போனதன் மீள்வரவு. முந்நூற்றைம்பது கிராம் கிளைக்கோஜனும் அதன் தண்ணீரும் திரும்பி வந்தன. குடலில் மூன்று கிழமையாக இல்லாத அளவு சாப்பாடு கிடந்தது. உப்புத் தண்ணீரும் வந்தது. சோறும் சர்க்கரையும் வந்ததும் இன்சுலின் ஏறி, சோடியத்தைப் பிடிக்கச் சொல்லிச் சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. அதே நேரத்தில், மூன்று கிழமையாக உப்பிழப்பைத் தடுக்கவென்று கூடிச் சுரந்த அல்டோஸ்டெரோன் இன்னும் குறையவில்லை. அதுவும் பிடிக்கச் சொல்கிறது. இந்த இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் நேரத்தில்தான் ஊறுகாயும் மிக்ஸரும் உள்ளே போயின. சாப்பிட்டு முடிந்த மறுநாளும் நிறை ஏறியதற்கும், கணுக்காலில் குழி விழுந்ததற்கும் இதுவே காரணம் என்று எடுத்தோம்.

ஆனாலும் கால் வீக்கம் என்றால் பொங்கலில் பழியைப் போட்டுவிட்டு இருக்க முடியாது. மூச்சு வாங்கவில்லை, தலையணை உயர்த்தாமல் படுக்க முடிந்தது, நெஞ்சில் இரைச்சல் இல்லை. சலத்தில் புரதம் இல்லை. வீக்கம் இரண்டு காலிலும் ஒரே அளவு, கெண்டைக்காலில் நோவில்லை. பிரஷர் 132/84. இடுப்புச் சுற்றளவு தொப்புள் மட்டத்தில் 104.5 சென்ரிமீற்றர், முதல் கிழமைக்கு முன் எடுத்தது 106, பொங்கலுக்கு முந்திய கிழமை 104. தராசு இரண்டரைக் கிலோ ஏறியிருக்க நாடா அரைச் சென்ரிமீற்றர்தான் நகர்ந்தது.

இரண்டாவது முடிவும் விளைவும்

செய்யாமல் விட்டவைதான் இங்கே முக்கியம். பட்டினி இல்லை, தண்ணீரைக் குறைப்பது இல்லை, பழைய குளிசை இல்லை. அவர் வீட்டிலிருந்த மிச்சக் குளிசைகளைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி வாங்கிக்கொண்டோம். தண்ணீர்க் குளிசை நிறையை இறக்கியிருக்கும், அவரும் சந்தோஷப்பட்டிருப்பார், திரும்பவும் வரம்பில் கண் இருட்டியிருக்கும். பொங்கலுக்கு முந்திய சாப்பாட்டுக்கே திரும்பச் சொன்னோம், கடைச் சிற்றுண்டியும் ஊறுகாயும் மட்டும் கொஞ்ச நாள் வேண்டாம் என்றோம். நிறையைத் தொடர்ந்து குறிக்கலாம், ஆனால் அடுத்த புதன் வரைக்கும் அதைப் பார்த்து எதையும் மாற்றக்கூடாது என்று பேசிக்கொண்டோம்.

சனி 88.3. திங்கள் 87.4. புதன் 86.9, அதாவது பொங்கலுக்கு முதல் நாளின் நிறை. அடுத்த திங்கள் 86.5. மோதிரம் வெள்ளிக்கிழமையே கழன்றது. இறங்கும்போதும் ஓரிரு இரவு அடிக்கடி சலம் போனது. இந்தமுறை அவர் பயப்படவில்லை, தலையும் சுற்றவில்லை. தண்ணீர்க் குளிசை இல்லாததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கும்.

சோறு திரும்பி வந்தபோது

காலபோக விதைப்புக்கு நாள் நெருங்கியபோது, சோறில்லாமல் வயலில் முழுநாள் நிற்க முடியாது என்றார். அப்போது நிறை 82.4, இடுப்பு 97. இது அவருடைய வாழ்க்கைக்கு ஏற்ற முடிவு என்றே எனக்குப் பட்டது. மத்தியானம் அளந்த ஒரு கோப்பைச் சோறு, காலையில் இரண்டு மூன்று இடியப்பம், சீனி இல்லாத தேத்தண்ணீர், பழம் ஏதாவது. நாளுக்கு 130 முதல் 150 கிராம் மாச்சத்து.

இந்தமுறை தொடங்குவதற்கு முன்பே கொப்பியில் எழுதிக் கொடுத்தோம்: முதல் கிழமையில் ஒன்று முதல் இரண்டு கிலோ ஏறும், பிறகு அங்கேயே நிற்கும், அதுதான் புதிய தொடக்க நிறை, அதிலிருந்துதான் இனிக் கணக்கு. பொங்கலைப் போல ஏறி இறங்காது, ஏனென்றால் மாச்சத்து தொடர்ந்து வருகிறது, கிளைக்கோஜனும் அதன் தண்ணீரும் தங்கிவிடும். ஐந்து நாளில் 83.7 ஆனது. இரண்டு கிழமை அதே இடத்தில் நின்றது. மாத முடிவில் 83.2. இடுப்பு 97-ஐ விட்டு நகரவில்லை. பிரஷர் லொசார்ட்டன் மட்டும் எடுத்து 126/80.

எங்கள் கிளினிக்கில் மாற்றியவை

சாப்பாட்டை மாற்றினீர்களா என்று இப்போது குளிசை கொடுக்கும் மேசையிலேயே கேட்கிறோம். தண்ணீர்க் குளிசை எடுப்பவர், இன்சுலின் போடுபவர், கிளிபென்கிளமைட் அல்லது கிளிக்கிளசைட் எடுப்பவர், சலத்தில் சீனியை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் வகைக் குளிசை எடுப்பவர் எவரும் சோற்றை நிறுத்துவதற்கு முன் வைத்தியரைப் பார்க்க வேண்டும். இன்சுலின், கிளிபென்கிளமைட் எடுப்பவர்களுக்கு சீனி ஆபத்தான அளவுக்குத் தாழலாம். எம்பாகிளிஃப்ளோசின்காரர்களுக்கு சீனி அளவு பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகலாம்.

தொடக்க நிறை என்று கொப்பியில் எழுதுவது முதல் நாளினதை அல்ல, பத்து முதல் பதினான்காம் நாளினதை. முதல் நாளை வைத்தால் முதல் கிழமை மாயமாகத் தெரியும், அதற்குப் பிறகு வரும் எல்லாக் கிழமையும் தோல்வியாகத் தெரியும். மாதத்துக்கு ஒருதரம் நாடாவும் வைக்கிறோம். திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ போகிறவரிடம், திரும்பி வந்து ஐந்து முதல் ஏழு நாள் கழித்து நிறை பார்க்கச் சொல்கிறோம்.

இந்தக் கணக்குப் பொருந்தாத ஆட்களும் உண்டு. ஒரு கிழமைக்கு மேலும் நிறை ஏறிக்கொண்டே போனால், மூச்சு வாங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கினால், முகமும் கண்ணிமையும் காலையில் ஊதியிருந்தால் அது வேறு விஷயம், தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். பல நாள் சாப்பாடே இல்லாமல் இருந்தவருக்குச் சோற்றை அள்ளிக் கொடுப்பதும் வேறு விஷயம். அங்கே பிரச்சினை தராசில் இல்லை, இரத்தத்தில் பொஸ்பேற்றும் பொட்டாசியமும் சடுதியாக வீழ்வதில் இருக்கிறது. அப்படிப்பட்டவரை வீட்டில் வைத்துச் சாப்பாடு கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம்.